சர்வே பேப்பரில் பதில் வீதக் கோளாறு: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

சர்வே பேப்பர்களுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பவர்களுக்கு ரிவ்யூவரின் சில வரிகள் மனப்பாடம். "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?", "பதில் வீதம் மிகவும் குறைவு", "பதில் தராதவர்கள் வேறு மாதிரி இருந்தால் உங்கள் முடிவு நிற்குமா?" ஒரே கோளாறுதான் பல முகங்களில் வருகிறது. அதனால் இங்கே அறிகுறிவாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் பேப்பரில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் கடைசியில்.

எல்லாவற்றுக்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் வேலை செய்யும் செவிலியர் 1,200 பேரின் பட்டியல் கையில் இருக்கிறது. எல்லோருக்கும் கைப்பேசியில் லிங்க் அனுப்பிப் பணிச்சோர்வு பற்றிக் கேட்கிறோம். இரண்டு முறை நினைவூட்டுகிறோம். 312 பேர் முழுதாக நிரப்புகிறார்கள். அவர்களில் 144 பேருக்குப் பணிச்சோர்வு இருக்கிறது, அதாவது 46.2%. இந்த எண்கள் கணக்கு காட்ட நானே வைத்தவை. இவற்றில் நடக்கும் தப்புகள் மட்டும் அன்றாடம் பார்ப்பவை.

## அறிகுறி 1: பதில் வீதம் நம்ப முடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது, அல்லது பேப்பரில் அது இல்லவே இல்லை

முதலில் பார்க்க வேண்டியது: எதால் வகுத்தீர்கள்?

பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும். நம் பட்டியலின் 1,200 பேருக்கும் என்ன ஆயிற்று என்று பிரித்து எழுதுங்கள்:

- முழுதாக நிரப்பியவர்கள்: 312
- பாதிக்கு மேல் நிரப்பிவிட்டு நிறுத்தியவர்கள்: 48
- லிங்கைத் திறந்து, சம்மதப் பக்கத்திலேயே மூடியவர்கள்: 70
- செய்தி போய்ச் சேர்ந்தும் திறக்காதவர்கள்: 590
- ஓய்வு பெற்றவர்கள், வேறு மாவட்டத்துக்கு மாறியவர்கள்: 60
- எண் வேலை செய்யவில்லை, இன்னும் பணியில் இருக்கிறாரா என்பதும் தெரியவில்லை: 120

பேப்பரில் "பதில் வீதம் 72.6%" என்று இருந்தால், ஆசிரியர் 312ஐ 430ஆல் வகுத்திருக்கிறார் என்று அர்த்தம். 430 என்பது லிங்கைத் திறந்தவர்கள் மட்டும். திறந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்பது நிறைவு வீதம். அதுவும் சொல்ல வேண்டியதுதான், ஆனால் அதைப் பதில் வீதம் என்று சொல்லக் கூடாது.

அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் இதற்கு ஒரு வரையறைத் தொகுப்பே வைத்திருக்கிறது. அதில் RR1 முதல் RR6 வரை ஆறு பதில் வீதங்கள் உண்டு. நமக்குப் பெரும்பாலும் இரண்டு போதும்:

```
RR1 = I / (I + P + R + NC + O + U)
RR3 = I / (I + P + R + NC + O + e*U)
```

இதில் `I` முழுப் பதில், `P` பாதிப் பதில், `R` மறுப்பு, `NC` தொடர்பு கிடைக்காதது, `O` மற்றவை. `U` என்பது தகுதி உள்ளவரா என்றே தெரியாதவர்கள். `e` அவர்களில் எத்தனை பங்கு தகுதியானவர்களாக இருக்கலாம் என்ற மதிப்பீடு. தகுதியில்லை என்று உறுதியாகத் தெரிந்த 60 பேர் வெளியே போய்விடுகிறார்கள். ஆக RR1 = 312 / 1,140 = 27.4%. RR3க்கு, தகுதி தெரிந்தவர்களை வைத்து `e` = 1,020 / 1,080 = 0.944 என்று எடுத்தால் 27.5%. இங்கே இரண்டும் ஒன்றுதான். வீடு வீடாகவோ தொலைபேசியிலோ செய்யும்போது `U` பெரிதாகிவிடும், அப்போது இரண்டுக்கும் இடைவெளி விரியும். எதைப் பயன்படுத்தினாலும் அதன் பெயரையும் `e` எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுங்கள்.

72.6% எங்கே, 27.4% எங்கே! இரண்டும் ஒரே தரவிலிருந்து வந்தவை. ரிவ்யூவர் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

அடுத்தது: பதிலாள் வைத்தீர்களா?

வீதம் 98%, 100% என்று இருந்தால் கேட்க வேண்டிய கேள்வி இது. வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீடு, அந்த அம்மா வேலைக்குப் போயிருந்தால் பக்கத்து வீட்டு அம்மா என்று களப்பணியாளர் ஈடுகட்டிக்கொண்டே போனால், கடைசியில் எல்லாப் படிவமும் நிரம்பியிருக்கும். இப்படிச் செய்தால் பகலில் வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே மாதிரியில் சேர்கிறார்கள். பூட்டிய வீடு பதில் தராத வீடுதான், அது வகுக்கும் எண்ணில் இருந்தாக வேண்டும். களத்தில் பூட்டிய வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறார்களா என்று மேற்பார்வையாளர் நோட்டைக் கேளுங்கள். குறிப்பு இருந்தால் வீதத்தைத் திரும்பக் கணக்கிடலாம். இல்லையென்றால் "பதிலாள் அனுமதிக்கப்பட்டது, எண்ணிக்கை பதிவாகவில்லை" என்று எழுதுவதைத் தவிர வழியில்லை.

செலவு பிடிக்கும் காரணம்: வகுக்கும் எண்ணே கிடையாது

கூகுள் ஃபார்ம் லிங்கை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, "தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அப்போது பதில் வீதம் என்ற ஒன்று கிடையாது. குழு உறுப்பினர்களைக் கூட்டி அதை வகுக்கும் எண்ணாகப் போடுவதும் உதவாது. ஒருவரே நாலு குழுவில் இருப்பார், லிங்க் வெளியேயும் போயிருக்கும். இணையச் சர்வேக்களுக்கு 2004இல் வந்த செர்ரீஸ் சரிபார்ப்புப் பட்டியல், பார்த்தவர்கள், பங்கேற்றவர்கள், முடித்தவர்கள் என்று வீதங்களைத் தனித்தனியாகக் கேட்கிறது. கிடைப்பதை மட்டும் கொடுத்துவிட்டு, இது விரும்பி வந்தவர்களின் மாதிரி, பதில் வீதம் கணக்கிட இயலாது என்று நேராக எழுதுங்கள்.

எப்போது நிபுணரிடம் போவது: பேப்பரின் தலைப்பிலேயே "மாநிலத்தில் இத்தனை சதவீதம்" என்ற பரவல் எண் இருந்து, தரவு வாட்ஸ்அப் லிங்க் வழியாக வந்ததாக இருந்தால், திருத்துவதற்கு முன்பே ஒரு சர்வே புள்ளியியலாளரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அவர் தலைப்பை மாற்றச் சொல்வார்.

## அறிகுறி 2: வீதம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறது, ஆனால் "27% போதாது" என்கிறார் ரிவ்யூவர்

முதலில்: அவர் எந்தக் குறைந்தபட்ச அளவை மனத்தில் வைத்திருக்கிறார்?

60%க்கு மேல் நல்லது, கீழே கெட்டது என்று ஒரு வாய்வழி வழக்கம் உலவுகிறது. அமெரிக்க அரசின் புள்ளியியல் நெறிகளில் 80% என்ற எண் இருக்கிறது. ஆனால் அது தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. அதற்குக் கீழே போனால் பதிலின்மைச் சார்பை, அதாவது பதில் தராதவர்கள் வேறு மாதிரி இருப்பதால் எண் ஒரு பக்கம் சாய்வதை, ஆராய்ந்தாக வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. 27% என்பதே குற்றம் ஆகாது. ஆராயாமல் விட்டால்தான் குற்றம்.

இதற்குச் சான்று உண்டு. ராபர்ட் குரோவ்ஸும் எமிலியா பெய்ச்சேவாவும் 2008இல் 59 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பதில் வீதத்தை வைத்துச் சார்பின் அளவைச் சரியாக ஊகிக்க முடியவில்லை. ஒரே சர்வேக்குள்ளேயே ஒரு கேள்விக்கும் இன்னொரு கேள்விக்கும் சார்பு பெரிதாக மாறியது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2012இல் நடத்திய தொலைபேசிச் சர்வே இதைக் கண்முன் காட்டும். பதில் வீதம் 9% மட்டுமே. அப்படியிருந்தும் பல கேள்விகளில் அதன் எண்கள் அரசின் பெரிய கணக்கெடுப்புகளோடு ஒத்துப்போயின. தொண்டு வேலை பற்றிய கேள்வியில் மட்டும் 55% பேர் செய்ததாக வந்தது, அரசுக் கணக்கெடுப்பிலோ 27%. காரணம் ஊகிக்கக்கூடியதுதான்: ஊருக்கு உழைக்கிற மனம் உள்ளவர்தான் முன்பின் தெரியாதவரின் சர்வேக்கும் பதில் சொல்கிறார்.

ஆகவே ரிவ்யூவருக்கு "மற்ற பேப்பர்களிலும் இவ்வளவுதான்" என்று எழுதாதீர்கள். நிறைய பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள், அது பதிலே கிடையாது. பதில் சொல்லும் விருப்பம், நீங்கள் அளக்கும் விஷயத்தோடு எப்படித் தொடர்புபடும் என்பதைத்தான் எழுத வேண்டும். செவிலியர் சர்வேயில் இது இரண்டு பக்கமும் போகும். சோர்ந்துபோனவருக்கு ஃபார்ம் நிரப்ப நேரமிருக்காது, அது ஒரு பக்கம். சோர்ந்துபோனவருக்கே சொல்ல நிறைய இருக்கும், அது மறுபக்கம்.

அடுத்தது: பட்டியலோடு ஒப்பிட்டீர்களா?

இது காசில்லாத சோதனை, இருந்தும் பலர் செய்வதில்லை. பட்டியலில் பெயரோடு பிரிவு, பணிக்காலம், மருத்துவமனை எல்லாம் இருக்கும். அவை பதில் தராதவர்களுக்கும் தெரியும் என்பதுதான் இதன் பலம். நம் எடுத்துக்காட்டில் தகுதியுள்ள 1,140 பேரில் தீவிர சிகிச்சைப் பிரிவினர் 228 பேர், அதாவது 20%. பதில் தந்த 312 பேரில் அவர்கள் 34 பேர்தான், 10.9%. அந்தப் பிரிவின் பதில் வீதம் 14.9%, மற்ற பிரிவுகளில் 30.5%.

இப்போது விஷயம் தெளிவாகிறது. அதிகம் சோரக்கூடிய பிரிவே குறைவாகப் பதில் தந்திருக்கிறது. இந்த ஒப்பீட்டு அட்டவணை பேப்பரில் வந்தாக வேண்டும்: பட்டியலில் எத்தனை சதவீதம், பதில் தந்தவர்களில் எத்தனை சதவீதம், ஒவ்வொரு பிரிவின் பதில் வீதம் எவ்வளவு. பதில் தந்தவர்களின் வயதையும் பாலினத்தையும் மட்டும் போடும் வழக்கமான முதல் அட்டவணை இதற்கு ஈடாகாது.

எப்போது நிபுணரிடம் போவது: பட்டியலில் பெயரும் எண்ணும் தவிர வேறொன்றும் இல்லையென்றால் ஒப்பிட வெளித்தரவு தேட வேண்டும். எந்த வெளித்தரவு பொருந்தும் என்பது அனுபவப்பட்டவர் சொல்ல வேண்டிய விஷயம்.

## அறிகுறி 3: "முன்னால் பதில் தந்தவர்களையும் தாமதமாகத் தந்தவர்களையும் ஒப்பிட்டோம், p > 0.05, எனவே சார்பு இல்லை"

இந்த வாக்கியம் மேலாண்மை, வணிகவியல் பேப்பர்களில் அச்சு மாறாமல் வருகிறது. பக்கத்திலேயே ஆம்ஸ்ட்ராங், ஓவர்ட்டன் என்ற இருவரின் 1977ஆம் ஆண்டுக் கட்டுரை மேற்கோளாக இருக்கும். தாமதமாகப் பதில் தந்தவர், பதிலே தராதவருக்கு ஓரளவு நெருக்கமானவர் என்பது இந்த யோசனையின் அடிப்படை. முதல் அழைப்பு, அடுத்தடுத்த நினைவூட்டல்கள் என்று ஒவ்வொரு அலையிலும் எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, அந்தப் போக்கைப் பதில் தராதவர்கள் வரை நீட்டிப் பார்ப்பதுதான் அந்தக் கட்டுரை காட்டிய வழி. வழியில் அது ஒற்றை t சோதனையாகச் சுருங்கிவிட்டது.

நம் தரவில் அதைச் செய்து பார்ப்போம்.

- முதல் அழைப்பில் பதில்: 190 பேர், பணிச்சோர்வு 95 பேருக்கு (50.0%)
- முதல் நினைவூட்டலில்: 80 பேர், 33 பேருக்கு (41.3%)
- இரண்டாம் நினைவூட்டலில்: 42 பேர், 16 பேருக்கு (38.1%)

முதலில்: சோதனைக்குப் பலம் இருந்ததா?

பின் இரண்டு அலைகளையும் சேர்த்தால் 122 பேரில் 49 பேர், 40.2%. முதல் அலையோடு ஒப்பிட்டால் p ஏறத்தாழ 0.09. வழக்கமான பேப்பர் இங்கே "சார்பு இல்லை" என்று எழுதி நகர்ந்துவிடும். ஆனால் இடைவெளி கிட்டத்தட்ட 10 புள்ளிகள்! அதன் 95% நம்பிக்கை இடைவெளி −1.4 முதல் 21 புள்ளிகள் வரை போகிறது. 21 புள்ளிகள் வித்தியாசம் இருக்கலாம் என்கிற தரவை வைத்துக்கொண்டு வித்தியாசம் இல்லை என்று எப்படி எழுதுவது? p மதிப்பை எடுத்துவிட்டு, வித்தியாசத்தையும் அதன் இடைவெளியையும் போடுங்கள். மூன்று அலைகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அடுத்தது: எதை ஒப்பிட்டீர்கள்?

பலர் வயதையும் பாலினத்தையும் ஒப்பிட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். பணிச்சோர்வு பற்றிய பேப்பரில் பணிச்சோர்வைத்தான் அலைவாரியாக ஒப்பிட வேண்டும். வயது ஒத்துப்போனதால் சோர்வும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

செலவு பிடிக்கும் காரணம்: தாமதமானவர் பதிலே தராதவரைப் போன்றவர்தானா?

இரண்டாவது நினைவூட்டலுக்கு இணங்கியவர் கடைசியில் இணங்கிவிட்டார். 590 பேர் கடைசி வரை லிங்கைத் திறக்கவே இல்லை. இவர்களைப் பற்றி உறுதியாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இவர்களிடமே போக வேண்டும். ஹேன்சனும் ஹர்விட்ஸும் 1946இலேயே வழி சொல்லிவிட்டார்கள்: பதில் தராதவர்களிலிருந்து ஒரு சிறிய சமவாய்ப்பு மாதிரி எடுத்து, அவர்களை மட்டும் நேரில் தேடிப் போங்கள். நம் கணக்கில் 60 பேரைத் தேர்ந்தெடுத்து, மொத்தக் கேள்வித்தாளையும் நீட்டாமல் பணிச்சோர்வைத் தொடும் இரண்டு மூன்று கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டால் போதும். வார்டுப் பணி மாறும் நேரத்தில் அழைத்தால் யாரும் எடுக்க மாட்டார்கள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கை. பெயர் கேட்காத சர்வே என்று சம்மதப் படிவத்தில் சொல்லிவிட்டு, பதில் தராதவர் யார் என்று கண்டுபிடித்து அழைப்பது முடியாது, அழைக்கவும் கூடாது. இந்த வழி வேண்டுமென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எழுதும்போதே அதைச் சேர்த்திருக்க வேண்டும்.

எப்போது நிபுணரிடம் போவது: இந்தத் துணை மாதிரியை எடுக்கும் முன்பே. எடுத்த பிறகு இரண்டு மாதிரிகளையும் எந்த எடையில் சேர்ப்பது என்பது அவர் வேலை. அந்த 60 பேரிலும் பாதிப் பேர் பதில் தராவிட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகும்.

## அறிகுறி 4: எடை போட்டாயிற்று, ஆனால் எண் அசையவில்லை, அல்லது எதிர்ப்பக்கம் போகிறது

அலசிப் பார்க்க அதிகம் கிடைப்பது இங்கேதான். பட்டியலில் 20% இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவு மாதிரியில் 10.9% என்பதால், அவர்களுக்கு 1.84 என்றும் மற்றவர்களுக்கு 0.90 என்றும் எடை கொடுக்கிறோம். அந்தப் பிரிவின் 34 பேரில் 21 பேருக்குச் சோர்வு (61.8%), மற்ற 278 பேரில் 123 பேருக்கு (44.2%). எடை போட்ட பிறகு மொத்த எண் 46.2%இலிருந்து 47.7%க்கு ஏறுகிறது.

"பார்த்தீர்களா, ஒன்றரைப் புள்ளிதான், சார்பு சொற்பம்" என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள்.

முதலில்: எடை எதைச் சரிசெய்கிறது?

பிரிவை வைத்துப் போட்ட எடை, பிரிவு காரணமாக வந்த கோணலை மட்டும் நிமிர்த்தும். ஒரே பிரிவுக்குள் சோர்ந்தவர் அதிகமாகப் பதில் தந்திருந்தால் அதை இந்த எடை தொடாது. நம் தரவில் அதற்கான தடயம் அறிகுறி 3இலேயே இருக்கிறது. பிரிவு எடை எண்ணை மேலே தள்ளுகிறது, அலைப் போக்கு கீழே இழுக்கிறது. பதில் தராத 828 பேரும் கடைசி அலையைப் போல 38.1% என்று வைத்தால் மொத்தம் 40.3%க்கு இறங்கிவிடும். ஆக ஒரு சோதனை 47.7% என்கிறது, இன்னொன்று 40.3% என்கிறது. இரண்டும் பேப்பரில் இருக்க வேண்டும். பிடித்த ஒன்றை மட்டும் போட்டு மற்றதை மறைப்பது இந்தக் கோளாறிலேயே மோசமான வகை, ஏனென்றால் ரிவ்யூவருக்கு அது தெரியவே வாய்ப்பில்லை.

அடுத்தது: எடை கொடுத்த விலை என்ன?

எடைகள் ஏறுக்குமாறாக இருந்தால் மாதிரியின் பலம் குறையும். புள்ளியியலாளர் கிஷ்ஷின் எளிய சூத்திரம் இதைச் சொல்லிவிடும்:

```
n_eff = (sum(w))^2 / sum(w^2)
```

இதில் `w` ஒவ்வொருவரின் எடை, `n_eff` எடை போட்ட பிறகு மாதிரி எத்தனை பேருக்குச் சமம் என்பது. நமக்கு 312 பேர், 287 பேருக்குச் சமமாகிறார்கள். இது தாங்கக்கூடியதுதான். இதுவே 312இலிருந்து 120க்கு விழுந்தால், சிலர் மட்டும் பத்துப் பேர் சுமையைத் தூக்குகிறார்கள் என்று அர்த்தம். மிகப் பெரிய எடை, மிகச் சிறிய எடை, `n_eff` மூன்றையும் எழுதுங்கள்.

கடைசியாக: முடிவு கவிழ எவ்வளவு வேண்டும்?

பேப்பரின் முக்கிய வாக்கியம் "செவிலியரில் மூன்றில் ஒருவருக்கு மேல் பணிச்சோர்வு" என்று வைத்துக்கொள்வோம். 1,140இல் மூன்றில் ஒன்று 380. பதில் தந்தவர்களில் 144 கிடைத்துவிட்டது. மீதி 236 பேர், பதில் தராத 828 பேரிடமிருந்து வர வேண்டும், அதாவது 28.5%. ஆக, பதில் தராதவர்களில் சோர்ந்தோர் 28.5%க்குக் கீழே இருந்தால்தான் அந்த வாக்கியம் பொய்யாகும். பதில் தந்தவர்களோ 46.2%, கடைசி அலை 38.1%. வாக்கியம் நிற்கும் போலிருக்கிறது, ஆனால் கல்லில் செதுக்கியதைப் போல நிற்கவில்லை. இதை அப்படியே எழுதலாம்.

எந்த அனுமானமும் இல்லாமல் பார்த்தால் என்ன ஆகும்? பதில் தராதவர்களில் ஒருவருக்கும் சோர்வில்லை என்றால் 12.6%, எல்லோருக்கும் உண்டு என்றால் 85.3%. பயன்படுத்த முடியாத அகலம்தான். ஆனாலும் "46.2%" என்ற ஒற்றை எண்ணில் தரவு சொன்னது எவ்வளவு, நம் நம்பிக்கை சேர்த்தது எவ்வளவு என்பதை இது காட்டிவிடுகிறது.

எப்போது நிபுணரிடம் போவது: கவிழும் புள்ளி கடைசி அலையின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால். நம் கணக்கில் அது 28.5%க்குப் பதிலாக 36% என்று வந்திருந்தால், நீங்களாக ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளை வைத்து எடை போட வேண்டி வந்தாலும் அப்படியே.

## அறிகுறி 5: ஆள் எண்ணிக்கை ஏராளம், பிழை வரம்பு சின்னது, அதனால் கவலையில்லை என்று பேப்பர் சொல்கிறது

முதலில்: 384. நம் பக்கத்து ஆய்வேடுகளில் இந்த எண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. 95% நம்பிக்கை, 5% பிழை வரம்பு என்று சூத்திரத்தில் போட்டால் வருவது. "பதில் தராதவர்களுக்காக 10% சேர்த்து 423 ஆக்கினோம்" என்று அடுத்த வரி வரும். அந்த 10% ஆள் குறைவை ஈடுகட்டும், சார்பை ஈடுகட்டாது. பதில் தரும் வகையினரையே இன்னும் 39 பேர் சேர்ப்பதால், தராத வகையினர் உள்ளே வந்துவிட மாட்டார்கள். 384 கிடைத்ததும் லிங்கை மூடியிருந்தால் இன்னும் மோசம். தாமதமாக வரக்கூடியவர்களுக்கு அங்கேயே கதவு அடைக்கப்பட்டுவிட்டது.

அடுத்தது: பிழை வரம்பு எதை அளக்கிறது? நம் செவிலியர் சர்வேயில் ±5.5 புள்ளிகள் என்று கணக்கு வரும். ஆனால் பட்டியலில் இருந்த எல்லோருக்குமே லிங்க் அனுப்பினோம். அங்கே மாதிரியே எடுக்கவில்லை. மாதிரி எடுக்காத இடத்தில் மாதிரிப் பிழை ஏது? இருக்கும் பிழையில் பெரும்பங்கு பதில் தராதவர்களால் வருவது, அதை ±5.5 அளக்கவில்லை. பிழை வரம்பைப் போடுவதானால் பக்கத்திலேயே இந்த வரியும் வேண்டும்.

எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்கு 2021இல் அமெரிக்காவில் நடந்தது போதும். கொரோனா தடுப்பூசி போட்டவர்கள் எவ்வளவு என்று பேஸ்புக் வழியாக நடந்த டெல்ஃபி சர்வேக்கு வாரத்துக்குச் சுமார் 2,50,000 பதில்கள் வந்தன. மே மாதத்தில் அது உண்மை அளவைவிட 17 புள்ளிகள் அதிகமாகக் காட்டியது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சர்வே, ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 75,000 பேரைக் கேட்டும் 14 புள்ளிகள் தவறியது. ஆக்சியோஸ் செய்தித் தளமும் இப்சோஸ் ஆய்வு நிறுவனமும் சுமார் 1,000 பேரை வைத்து நடத்திய சர்வே உண்மைக்கு அருகில் நின்றது. நேச்சர் இதழில் அந்த ஆண்டு வந்த ஆய்வு போட்ட கணக்குப்படி, 2,50,000 பேரின் சர்வே வெறும் 10 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரியைவிடத் துல்லியமாக இல்லாமல் போகலாம். டெல்ஃபி சர்வேயின் எடையில் கல்வியும் இனமும் சேர்க்கப்படவில்லை என்பதையும் அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. அரசிடம் ஊசிக் கணக்கு இருந்ததால்தான் இந்தப் பிழை வெளியே தெரிந்தது. உங்கள் பேப்பரின் விஷயத்துக்கு அப்படி ஒரு வெளிக்கணக்கு பெரும்பாலும் இருக்காது.

எப்போது நிபுணரிடம் போவது: பல ஆயிரம் பேரின் தரவு கையில் இருந்து, எல்லா p மதிப்பும் 0.001க்குக் கீழே வரும்போது. அப்போதுதான் தன்னம்பிக்கை அதிகமாக இருக்கும், கூடவே ஆபத்தும்.

## அறிகுறி 6: பின்பக்கக் கேள்விகளில் n குறைந்துகொண்டே போகிறது

கேள்வி 5இல் 360 பேர், கேள்வி 40இல் 312 பேர். பெரும்பாலும் நீளம்தான் காரணம். எந்தக் கேள்வியில் கொத்தாக வெளியேறினார்கள் என்று பாருங்கள். அது வருமானமோ மேலதிகாரி பற்றிய கேள்வியோ என்றால், வெளியேறியதே ஒரு தகவல். ஒவ்வொரு அட்டவணையிலும் அதன் n போடுங்கள். விடுபட்ட கட்டங்களைச் சராசரியால் நிரப்பியிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். வேறு முறையில் நிரப்ப வேண்டுமென்றால் புள்ளியியலாளரைக் கூப்பிடுங்கள்.

## பேப்பரில் எங்கே, என்ன எழுதுவது

கவனிப்பு ஆய்வுகளுக்கான ஸ்ட்ரோப் நெறி, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர், ஏன் விலகினார்கள் என்று கேட்கிறது. அதனால் ஆறு வகைகளின் எண்களும் ஒரு ஓட்டப்படமாக முடிவுகள் பகுதியின் தொடக்கத்தில் வந்துவிடட்டும். செய்முறைப் பகுதியில் பட்டியல் எங்கிருந்து வந்தது, எத்தனை நினைவூட்டல், எந்த நாள் இடைவெளியில், ஊக்கத்தொகை உண்டா, எந்த வீதச் சூத்திரம் என்பவை. முடிவுகளில் இப்படி ஒரு பத்தி:

> பட்டியலில் இருந்த 1,200 பேரில் 60 பேர் தகுதியற்றவர்கள். மீதி 1,140 பேரில் 312 பேர் முழுமையாகப் பதிலளித்தனர் (RR1 = 27.4%). தீவிர சிகிச்சைப் பிரிவில் பதில் வீதம் 14.9%, மற்ற பிரிவுகளில் 30.5%. பணிச்சோர்வு எடையின்றி 46.2%, பிரிவு எடையுடன் 47.7%. அழைப்பு அலைவாரியாக 50.0%, 41.3%, 38.1% என இறங்கியது. பதிலளிக்காதவர்கள் கடைசி அலையை ஒத்தவர்கள் எனக் கொண்டால் மொத்த மதிப்பீடு 40.3%. பதிலளிக்காதவர்களில் பணிச்சோர்வு 28.5%க்குக் கீழே இருந்தால் "மூன்றில் ஒருவருக்கு மேல்" என்ற முடிவு நிற்காது.

வரம்புகள் பகுதியில் வழக்கமாக வரும் "பதில் வீதம் குறைவு என்பது ஒரு வரம்பு" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, சார்பு எந்தப் பக்கம் இருக்கும், ஏன் என்று இரண்டு வரி. சுருக்கத்தில் 46.2% என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே 27.4% என்ற எண்ணும். பலர் சுருக்கத்தோடு நிறுத்திவிடுவார்கள், செய்தித்தாள்காரர்கள் உட்பட.